நீலம் ஏன்? லோகோவுடன் போகும் கடிதம்

லோகோவை வரைந்து முடித்தவர் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பக்கக் கடிதம் வைப்பது வடிவமைப்புத் தொழிலின் வழக்கம். அலுவலகப் பேச்சில் அது கவரிங் லெட்டர். வடிவம் எப்படி அமைந்தது, இந்த நிறங்கள் ஏன், அடுத்து என்ன முடிவு தேவை என்பவை அதில் இருக்கும். மூன்றில் நிறத்தை விளக்குவதுதான் கடினம். வடிவத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கூட நிறத்தைப் பற்றி உடனே சொல்லிவிடுவார். பிடித்த நிறம், பிடிக்காத நிறம், ராசியான நிறம் என்று எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது.

வடிவமைப்பாளர் நேரில் இருந்தால் கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஆனால் லோகோ அவரை விட்டுத் தனியே பயணம் போகிறது. கோப்பு முதலாளியின் கைப்பேசிக்கு வருகிறது. அவர் தம்பிக்கு அனுப்புகிறார். தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கணக்குப் பார்ப்பவரும் வெளியூர் மாமாவும் கருத்துச் சொல்கிறார்கள். நேரில் சொன்ன விளக்கம் முதல் ஆளோடு நின்றுவிடும். எழுதிய விளக்கம் மட்டுமே கடைசி ஆள்வரை போகும். கடிதத்தின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஒரு பழைய முன்மாதிரி

இவ்வகை விளக்கத்துக்கு வடிவமைப்பு வரலாற்றில் அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு 1986-இல் அமெரிக்காவில் நடந்தது. ஆப்பிளை விட்டு வெளியேறி நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஐ.பி.எம். லோகோவை வரைந்த பால் ராண்டிடம் புதிய நிறுவனத்துக்கும் ஒன்று கேட்டார். கட்டணம் ஒரு லட்சம் டாலர். ராண்ட் பல மாதிரிகளை அனுப்பவில்லை. ஒரே லோகோவை அனுப்பினார். அந்த முடிவுக்குப் படிப்படியாக எப்படி வந்தார் என்பதைச் சொல்லும் சிறு நூல் ஒன்றைத் தயாரித்து அதனுடன் கொடுத்தார். நிறுவனப் பெயரை எந்த எழுத்துருவில் எழுதலாம், எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாகக் கலப்பதால் என்ன கிடைக்கும், அவற்றை ஏன் ஒரு கறுப்புக் கனசதுரத்தில் வைக்க வேண்டும், அதை ஏன் 28 பாகை சாய்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக அது நகரும். கறுப்பின் மேல் பளிச்சென்ற சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று எழுத்துகளுக்குத் தனித்தனி நிறம்.

அப்படி விளக்கிய பிறகும் நிறத்தில்தான் தகராறு வந்தது. ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஓர் எழுத்துக்கு ராண்ட் கொடுத்திருந்த அடர் மஞ்சளுக்குப் பதில் இன்னும் வெளிச்சமான, வழக்கமான மஞ்சளை ஜாப்ஸ் கேட்டார். ராண்ட் மேசையைக் குத்தி, ஐம்பது ஆண்டு அனுபவத்தைச் சொல்லி மறுத்தார். ஜாப்ஸ் விட்டுக்கொடுத்தார். ஐம்பது ஆண்டுப் புகழ் இல்லாதவர்கள் மேசையைக் குத்த முடியாது. அவர்களுக்குக் கையில் இருக்க வேண்டியது சரிபார்க்கக்கூடிய காரணம்.

எது காரணம், எது அலங்காரம்

நிறத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் பெரும்பாலானவை பொருள் அகராதி போல இருக்கும்: நீலம் நம்பிக்கை, பச்சை இயற்கை, மஞ்சள் மகிழ்ச்சி, சிவப்பு வேகம். இவை முழுப் பொய் அல்ல. மனிதர்கள் நிறங்களோடு உணர்வுகளைத் தொடர்புபடுத்துவது உண்மைதான். ஆனால் அந்தத் தொடர்பு இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் வெள்ளை மணப்பெண்ணின் உடை. தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் அது நெடுங்காலம் கைம்பெண்ணின் உடை. ஒரே சிவப்பு குங்குமத்தில் மங்கலம், மின்கம்பத்துப் பலகையில் அபாயம். இந்த அகராதியை நம்பி எழுதிய வரியை வாடிக்கையாளர் மறுக்க விரும்பினால் ஒரு நொடி போதும்: “எனக்கு அப்படித் தோன்றவில்லையே” என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

காரணம் உண்மையானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுதிய வாக்கியத்தில் நிறுவனத்தின் பெயரை மாற்றி வேறொரு தொழிலின் பெயரைப் போட வேண்டும். “நீலம் நம்பிக்கையைக் குறிப்பதால் தேர்ந்தெடுத்தோம்” என்ற வரி வங்கிக்கும் பொருந்தும், மருத்துவமனைக்கும் பொருந்தும், பயிற்சி மையத்துக்கும் பொருந்தும். ஆகவே அது எவருக்கும் உரியதல்ல. அந்த நிறுவனத்தின் பொருள், அது விற்கும் இடம், பக்கத்தில் நிற்கும் போட்டியாளர், அச்சாகும் பரப்பு ஆகியவற்றிலிருந்து வந்த காரணம் பெயரை மாற்றினால் உடைந்துவிடும். கடிதத்தில் இருக்க வேண்டியது அப்படிப்பட்ட காரணம்.

செக்கு எண்ணெய்க்கு ஒரு லோகோ

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்க்கலாம். காங்கேயம் பக்கத்தில் தந்தையும் மகனும் நடத்தும் மரச்செக்கு எண்ணெய்த் தொழில் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் தெளிந்த பிளாஸ்டிக் பாட்டில்களில் நிரப்பி, கடைகளுக்கும் நேரடியாக வீடுகளுக்கும் விற்கிறார்கள். இதுவரை பாட்டிலில் வெறும் பெயர்ச்சீட்டு. இப்போது லோகோ கேட்கிறார்கள்.

வடிவமைப்பாளரின் முதல் வேலை கடைகளுக்குப் போய்ப் பார்ப்பது. செக்கு எண்ணெய் இருக்கும் தட்டில் ஏறக்குறைய எல்லாச் சீட்டும் பச்சையாகவும் பழுப்பாகவும் இருக்கின்றன. செக்கு மரத்தால் ஆனது என்பதால் பழுப்பு, இயற்கையானது என்பதால் பச்சை. ஒவ்வொருவரும் தனித்தனியே நியாயமாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஏழாவதாக ஒரு பச்சைச் சீட்டு அங்கே போனால் ஆறில் ஒன்றோடு குழம்பும். பச்சையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தியாவில் விற்கும் சைவ உணவுப் பொட்டலங்களில் பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருக்க வேண்டும் என்பது சட்டம். லோகோவும் பச்சை வட்டமாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் அந்தக் குறியோடு போட்டியிடும்.

அடுத்து வடிவமைப்பாளர் அரக்கும் மஞ்சளும் வைத்துப் பார்க்கிறார். பட்டுப்புடவையில் பார்த்துப் பழகிய சேர்க்கை. கடலையின் தோலும் எண்ணெயும்கூட அதே நிறங்கள். வரைந்து பார்த்ததில் அழகாகவே இருக்கிறது. ஆனால் 2024-இல் தமிழக வெற்றிக் கழகம் அறிமுகப்படுத்திய கொடியில் மேலும் கீழும் அடர்சிவப்பு, நடுவே மஞ்சள். எண்ணெய் பாட்டிலைப் பார்த்ததும் “எந்தக் கட்சி?” என்று கேட்கும் நிலை வந்தால், அடுத்த தேர்தல்வரை அந்தக் கேள்வி தொடரும். தமிழ்நாட்டில் நிறச் சேர்க்கையைத் தேர்ந்தெடுப்பவர் கட்சிக் கொடிகளை மனதில் வைத்தே ஆக வேண்டும். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் திராவிடக் கட்சிகள். நீலமும் சிவப்பும் சேர்ந்தால் விடுதலைச் சிறுத்தைகள். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்தால் பாட்டாளி மக்கள் கட்சி. தனி நிறத்தால் வரும் சிக்கல் குறைவு. சேர்க்கைதான் கொடியாகத் தெரியும்.

மூன்றாவது முயற்சியில் அவர் பாட்டிலையே மேசைமேல் வைத்துக்கொண்டு பார்க்கிறார். இந்தப் பொருளில் ஒரு நிறம் ஏற்கெனவே இருக்கிறது: எண்ணெயின் மஞ்சள். தெளிந்த பாட்டில் என்பதால் சீட்டைச் சுற்றி எப்போதும் அந்த மஞ்சள் நிற்கும். லோகோவும் மஞ்சளாக இருந்தால் அதில் கரைந்துவிடும். நிறச் சக்கரத்தில் மஞ்சளுக்கு எதிரே இருக்கும் நீலப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். தட்டில் யாரிடமும் நீலம் இல்லை. எனவே அடர் நீலம் முதன்மை நிறம். எண்ணெய்த் துளி ஒன்றுக்கு மட்டும் மஞ்சள்.

இங்கே எண்ணெய் மூன்று வகை என்பதையும் பார்க்க வேண்டும். கடலை எண்ணெய் வெளிர்மஞ்சள், நல்லெண்ணெய் தேன் நிறம். தேங்காய் எண்ணெய் நிறமே இல்லாததுபோல் தெளிவாக இருக்கும்; ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்து வெள்ளையாகிவிடும். மார்கழிக் காலையில் அதே பாட்டில் வேறு பாட்டிலாகத் தெரியும். மஞ்சளை நம்பிய லோகோ தேங்காய் எண்ணெயில் துணையில்லாமல் நிற்கும். அடர் நீலம் மூன்றின் மேலும், உறைந்த வெள்ளையின் மேலும் தெளிவாகத் தெரிகிறது. நீலத்தைத் தேர்ந்தெடுக்க இதுவே வலுவான காரணம்.

எண்ணிக்கையில் ஒரு சான்று

தெளிவாகத் தெரிகிறது என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. இரு நிறங்களின் ஒளிர்வு வேறுபாட்டை அளக்க, இணையப் பக்கங்களுக்கான அனைத்துலக அணுகல் நெறிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளைமேல் கறுப்பு 21-க்கு 1, இதுவே உச்சம். ஒரே நிறத்தின்மேல் அதே நிறம் 1-க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கும் குறியீடுகளுக்கும் குறைந்தது 3 வேண்டும் என்கின்றன அந்த நெறிகள். லோகோவுக்கு அவை விலக்குத் தருகின்றன. ஆனாலும் அளவுகோலாகக் கொள்ளத் தடையில்லை.

எடுத்துக்காட்டில் அடர் நீலத்தின் திரைக்குறி `#1B3A6B`, மஞ்சளின் குறி `#E8A317` என்று கொண்டால், வெள்ளைமேல் நீலத்துக்கு ஏறக்குறைய 11.3 கிடைக்கிறது. நீலத்தின்மேல் மஞ்சளுக்கு 5.2. வெள்ளைமேல் மஞ்சளுக்கோ 2.2 மட்டுமே. கடிதத்தில் இந்த மூன்று எண்களும் இருக்க வேண்டியதில்லை. அவற்றிலிருந்து வரும் ஒரு விதி இருந்தால் போதும்: மஞ்சள் துளி எப்போதும் நீலத்துக்குள் இருக்கும், வெள்ளைத் தாளில் தனியே வராது.

ஒளிர்வு வேறுபாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஐரோப்பிய வழி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை நிறக் குறைபாடு இருக்கிறது. மற்ற மக்களிடம் இந்த அளவு கொஞ்சம் குறைவு. அடர்த்தியால் வேறுபடும் நிறங்கள் அவர்களுக்கும் பிரிந்து தெரியும். நீலமும் மஞ்சளும் அவர்களுக்குக் குழப்பம் தராத இணை.

கடிதத்தின் வடிவம்

இத்தனை யோசனையையும் கடிதத்தில் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பக்கம் போதும், வரிசை முக்கியம். முதலில் வாடிக்கையாளர் கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே திரும்பச் சொல்வது. பிறகு லோகோ நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையில் எப்படி நிற்கிறது என்று ஒரு வரி. நிறத்தைப் பார்ப்பதற்குமுன் வடிவத்தை ஒப்புக்கொள்ள இது இடம் தருகிறது. வடிவத்தின்மீது உள்ள மனக்குறையை நிறத்தின்மேல் ஏற்றிப் பேசுவதும் குறையும். அடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரணம், ஒன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு முயன்று விட்ட நிறங்கள். கடைசியில் எப்படிப் பார்க்க வேண்டும், எதைப் பற்றிப் பதில் தேவை, எப்போதைக்குள் தேவை.

விட்ட நிறங்களைப் பற்றிய பத்தி பலரும் தவிர்ப்பது. உண்மையில் மிகுந்த பயன் தருவது. “பச்சை போட்டுப் பார்க்கலாமா?” என்ற கேள்வி எப்படியும் வரும். போட்டுப் பார்த்தாயிற்று, இதனால் விட்டோம் என்று முன்பே எழுதியிருந்தால் அந்தக் கேள்வி ஒரு வாரத்தைத் தின்னாது.

நிறத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். வடிவமைப்பாளர் “நேவி புளூ” என்று எழுதினால் ஒருவர் பள்ளிச் சீருடையை நினைப்பார், இன்னொருவர் காவல்துறை வண்டியை நினைப்பார். தமிழ்நாட்டில் புடவைக் கடை இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது: கிளிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள், அரக்கு என்று எல்லாம் கண்முன் இருக்கும் பொருள்களின் பெயர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய காஞ்சிபுரம் புடவையால் “எம்.எஸ். புளூ” என்றே ஒரு நீலம் பெயர் பெற்றது. வாடிக்கையாளர் அறிந்த பொருளின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் துல்லியமான குறியையும் கொடுத்தால் பேச்சுக்கும் அச்சகத்துக்கும் இரண்டுக்கும் உதவும்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கு எழுதக்கூடிய கடிதம் இப்படி இருக்கலாம்:

> அன்புள்ள ஐயா, வணக்கம்.
>
> லோகோ இத்துடன் இருக்கிறது. “கடையில் நூறு பாட்டிலுக்கு நடுவில் நம்ம பாட்டில் தெரியணும், மூணு எண்ணெய்க்கும் ஒரே அடையாளம் இருக்கணும்” என்று நீங்கள் சொன்னதை வைத்தே இதைச் செய்திருக்கிறோம்.
>
> முதல் இரண்டு பக்கங்களில் லோகோ கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ரப்பர் முத்திரையிலும் பில்லிலும் இப்படித்தான் வரும். மூன்றாம் பக்கத்திலிருந்து நிறம்.
>
> முதன்மை நிறம் அடர் நீலம். மாலை இருட்டுவதற்குச் சற்று முன் வானம் இருக்கும் நீலம். உங்கள் மூன்று எண்ணெய்களும் மஞ்சள், தேன் நிறம், வெள்ளை என்று மாறுகின்றன. மூன்றின்மேலும் ஒரே அளவு எடுப்பாகத் தெரிந்த நிறம் இதுதான். நாங்கள் பார்த்த கடைகளில் செக்கு எண்ணெய்த் தட்டில் வேறு எவரும் இதை வைத்திருக்கவில்லை.
>
> நடுவில் உள்ள துளிக்கு மட்டும் கடலை எண்ணெயின் மஞ்சள். அது நீலத்துக்குள்ளேதான் இருக்கும். வெள்ளைத் தாளில் தனியாக வந்தால் தூரத்திலிருந்து தெரியாது.
>
> பச்சையும் பழுப்பும் போட்டுப் பார்த்தோம். மற்ற பாட்டில்களோடு கலந்துவிட்டது. அரக்கும் மஞ்சளும் அழகாக இருந்தது, ஆனால் கட்சிக் கொடியாகத் தெரிகிறது. அதே காரணத்துக்காக இந்த நீலத்தோடு சிவப்பைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.
>
> கைப்பேசியில் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். அச்சடித்த சீட்டு ஒட்டிய மூன்று பாட்டில்களைத் தனியே அனுப்பியிருக்கிறோம். பகல் வெளிச்சத்தில், கடைத் தட்டில் மற்ற பாட்டில்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள்.
>
> எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: பத்தடி தூரத்திலிருந்து உங்கள் பாட்டிலை உடனே கண்டுபிடிக்க முடிகிறதா? அடுத்த வெள்ளிக்குள் சொன்னால் அச்சுக்கான கோப்புகளைத் தயார் செய்வோம்.

கடைசிக் கேள்வியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் விருப்பம்தான் பதிலாக வரும். “கண்டுபிடிக்க முடிகிறதா?” என்று கேட்டால் வாடிக்கையாளர் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். முடியவில்லை என்றால் அதுவும் பயனுள்ள பதில். எதை மாற்ற வேண்டும் என்று அதிலிருந்து தெரியும்.

திரையில் ஒன்று, தாளில் ஒன்று

நிறம் பற்றிய மனவருத்தங்களில் பல, தேர்வால் வருபவை அல்ல. ஒப்புதல் தந்தபோது பார்த்த நிறமும் அச்சாகி வந்த நிறமும் வேறாக இருப்பதால் வருபவை. திரை ஒளியை வீசி நிறம் காட்டுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்பி நிறம் காட்டுகிறது. திரையில் மின்னும் சில ஆரஞ்சு, பச்சை, நீல வகைகளை நான்கு மைகளால் அச்சில் எட்டவே முடியாது. இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று கைப்பேசியில் போட்டு வைக்கும் அமைப்பு திரை முழுவதையும் மஞ்சளாக்கும். நீலம் அதில் சாம்பல் பூசியதுபோல் தெரியும்.

அச்சில் நீலத்துக்கென்றே ஒரு நோய் உண்டு: ஊதாவாகிவிடுவது. நான்கு வண்ண அச்சில் நீலம் என்பது சியானும் மஜந்தாவும் சேர்ந்தது. இரண்டின் அளவும் நெருங்கினால் ஊதா தலைகாட்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 30 விழுக்காடு இடைவெளி விடுவது அச்சகங்களின் பழைய கைப்பாடம். நம் எடுத்துக்காட்டு நீலத்துக்குச் சியான் 100, மஜந்தா 70, மஞ்சள் 0, கறுப்பு 35 என்று தொடங்கலாம். முதல் அச்சுப்படியை ஒப்புதல் பெற்ற மாதிரிச் சீட்டின் பக்கத்தில் வைத்து, வெயிலிலும் குழல்விளக்கிலும் பார்க்க வேண்டும். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரிவது உண்டு.

ஒவ்வொரு முறையும் ஒரே நீலம் கட்டாயம் வேண்டும் என்றால், தனியாகக் கலந்த மையைப் பயன்படுத்தலாம். 1963-இல் அமெரிக்காவில் பான்டோன் நிறுவனம் எண்ணிட்ட நிறப் பட்டியலைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். எண்ணைச் சொன்னால் எந்த ஊர் அச்சகமும் அதே மையைக் கலக்கலாம். ஆனால் அதே மை வழவழப்பான தாளில் ஒருவிதமாகவும், மை உறிஞ்சும் சாதாரணத் தாளில் மங்கியும் தெரியும். அதனால்தான் பட்டியலில் இரு தாள்களுக்கும் தனித்தனி மாதிரி இருக்கிறது. தனி மைக்குச் செலவு கூடும். சில ஆயிரம் சீட்டு அடிக்கும் சிறு தொழிலுக்கு நான்கு வண்ணமே கட்டுப்படியாகும்.

தெளிந்த பிளாஸ்டிக்கில் நேரடியாக அச்சடிக்கும்போது வேறொரு தவறு நேரும். மை ஊடுருவித் தெரியும் தன்மை உள்ளது; அடியில் வெள்ளை மை இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எண்ணெயின் நிறம் மேலே வந்து கலக்கும். வெள்ளை அடிப்பூச்சு இல்லாமல் நல்லெண்ணெய்ப் பாட்டிலில் அடித்த நீலம் பாசி படிந்ததுபோல் இருக்கும். கடையின் பெயர்ப்பலகை ஃப்ளெக்ஸில் அடித்தால் வெயில் வேலை செய்யும். மஞ்சள், மஜந்தா மைகள் முதலில் வெளுக்கும். சியானும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஓராண்டு ஆன பலகைகளில் சிவப்பு எழுத்துகள் வெளிறி, நீலம் மட்டும் எஞ்சி நிற்பது இதனால்தான். நீலத்துக்கு இது இன்னொரு சாதகம். மஞ்சள் துளியை மட்டும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த அச்சு விவரங்கள் கடிதத்துக்குள் வரத் தேவையில்லை. கடிதத்தோடு இணைக்கும் தனித்தாளில் திரைக்குறி, நான்கு மைகளின் அளவு, தனி மையின் எண் மூன்றையும் எழுதிவிட்டால், வாடிக்கையாளர் அதை அப்படியே அச்சகத்திடம் கொடுக்கலாம். கடிதம் முடிவெடுப்பவருக்கு, தாள் அச்சடிப்பவருக்கு.

கடிதம் செய்யக்கூடாதவை

பின்னால் தேடிக் கண்டுபிடித்த காரணம் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முதலில் ஏதோ ஒரு நிறம் பிடித்துப் போய், பிறகு அதற்குச் சூரிய உதயம், தாய்மை, பாரம்பரியம் என்று பொருள் சூட்டிய கடிதத்தில் காரணங்கள் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போகும். ஒரு நிறத்துக்கு ஐந்து காரணம் இருந்தால் ஐந்தும் பலவீனம் என்றே பொருள். இணையத்தில் சுற்றும் விழுக்காட்டுக் கணக்குகளும் இதே வகை; வாங்குபவர்களில் இத்தனை பேர் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள் என்று மூலம் காட்டாமல் எழுதினால், ஒரே கேள்வியில் மற்ற வரிகளின் நம்பகமும் போய்விடும்.

வாடிக்கையாளரின் ராசி நிறத்தைக் கிண்டல் செய்வதும், காணாததுபோல் விடுவதும் தவறு. தந்தை மஞ்சள் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டார் என்றால், மஞ்சள் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே மட்டும் இருக்கிறது என்று கடிதம் சொல்ல வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் துளி அந்த வேலையையும் செய்துவிடுகிறது.

நிறம் விற்பனையைக் கூட்டும் என்று வாக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். விலையும் சுவையும் கடைக்காரர் பாட்டிலை எந்தத் தட்டில் வைக்கிறார் என்பதும் சேர்ந்துதான் விற்பனையாகின்றன. அதிலிருந்து நிறத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. பாட்டில் தட்டில் தெரிகிறதா, மூன்று எண்ணெயிலும் ஒன்றுபோல் நிற்கிறதா, அச்சில் மாறாமல் வருகிறதா, கொடியாகத் தோன்றாமல் இருக்கிறதா ஆகிய நான்குக்கு மட்டுமே கடிதம் பொறுப்பேற்க முடியும். நான்கையும் வாடிக்கையாளர் தம் கடையில் நின்று தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.